100 என்றோம், 48 ஆயிற்று



வன்னியில் கால் இழந்தோருக்குச் செயற்கைக்கால் வழங்குவதற்கென இவ்வாண்டு மாசி மாதத்தில் நமது நாளிதழ் நடத்திய இராப்போசன நிகழ்வுக்கும் அதனையொட்டிய நிதிச் சேகரிப்புக்கும் நீங்கள் அளித்த தொகை 18,600 யூரோ. அதற்காக உங்களுக்கு நன்றி கூறுவதே இன்றைய ஆசிரிய தலையங்கத்தின் நோக்கம். தந்த பணம் என்ன செய்தது என்று சொல்லாத நன்றி அரை நன்றியே. ஆகவே கணக்கோடு நன்றி கூறுகின்றோம்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். "180 யூரோ தந்தால் ஒருவர் நடப்பார், 100 பேரை நடக்கச் செய்வோம்" என்று அன்று விளம்பரம் செய்தோம். வழங்கப்பட்ட புதிய கால்கள் 48 மட்டுமே. மேலும் 61 பேருடைய பழைய கால்கள் திருத்தப்பட்டன. இரண்டையும் கூட்டி "109 பேர் பயனடைந்தனர்" என்று எழுதிவிட்டு நாம் நழுவியிருக்கலாம். அது பொய்யாகாது, ஆனால் நீங்கள் கொடுத்தது அந்த வாக்குறுதியை நம்பியல்லவா? எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு.

மண்டப வாடகை, சமையல், வங்கிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 1,400 யூரோ போக, 17,200 யூரோ வங்கி மூலம் அனுப்பப்பட்டது. அதில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த 37 பேருக்குத் தலா 180 யூரோ செலவாயிற்று. முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் 11 பேர். அவர்களுடைய காலுக்கு மடங்கி நிமிரும் மூட்டு ஒன்று வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் 390 யூரோ ஆயிற்று. விளம்பரம் எழுதியபோது இந்த வேறுபாட்டை நாம் விசாரித்து அறியவில்லை. அது நமது குறை.

இரண்டாவது காரணம் இதனிலும் முக்கியமானது. செயற்கைக்கால் என்பது ஒருமுறை கொடுத்தால் ஆயுள் முழுவதும் நிற்கும் பொருளன்று. தேய்வதும் உடைவதும் ஒருபுறமிருக்க, அதை அணியும் உடலே மாறிக்கொண்டிருக்கிறது. துண்டிக்கப்பட்டு எஞ்சிய கால் முதலாண்டில் வீக்கம் வற்றிச் சுருங்கும். பின்னரும் உடல் மெலிந்தால் மெலியும், பருத்தால் பருக்கும். 2009இல் சிறுவராயிருந்து கால் இழந்தவர்கள் வளர்ந்து முடிவதற்குள் பலமுறை கால் மாற்ற வேண்டியதாயிற்று. எனவே பட்டறைக்கு வந்தோரில் பெரும்பாலானோர் கால் இல்லாதவர்களல்லர். பொருந்தாத காலோடு வாழ்ந்தவர்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியின் கதை இதனை விளக்கும். 2009இல் ஷெல் வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். வயல் வேலையும் வீட்டுத்தோட்டமும் அவருடைய சீவனம். எஞ்சிய கால் சென்று அமரும் பிளாஸ்ரிக் கூடு தளர்ந்துவிட்டமையால், நான்கு மாதங்களாகப் பழைய சேலைத் துண்டுகளை உள்ளே திணித்து நடந்திருக்கிறார். துணி ஓரிடத்தில் திரண்டு அழுத்த, அங்கே புண் வந்துவிட்டது. அந்தப் புண் ஆறும்வரை அளவெடுக்க முடியாது என்று கூறி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது, எலும்பு துருத்தும் இடங்களை அழியாத பென்சிலால் குறித்து, பரிசுச் சாந்து தோய்த்த கட்டுத்துணியைச் சுற்றினார்கள். அது இறுகியதும் கழற்றி, உள்ளே சாந்து ஊற்றி, அவருடைய எஞ்சிய காலின் வடிவத்தை அச்சாக எடுத்தார்கள். பாரம் தாங்கக்கூடிய இடங்களில் அச்சைச் செதுக்கினார்கள். தாங்காத எலும்பு முனைகளில் சாந்தை அப்பி இடம்விட்டார்கள். பிறகு உலையில் இளக்கிய பிளாஸ்ரிக் குழாயை அந்த அச்சின்மேல் இழுத்துப் படிய வைத்தார்கள். அடியில் ஜெய்ப்பூர் பாதம் பொருத்தப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் இராஜஸ்தானில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய இறப்பர் பாதம் அது. சப்பாத்து இன்றி நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. வயலில் நிற்பவருக்கு வேறெந்தப் பாதம் உதவும்?

அணிந்து சிறிது நேரம் நடந்தபின் கழற்றிப் பார்த்தபோது, முன்னெலும்பின் நுனியில் ஒரு சிவந்த தடம் இருந்தது. சிவப்பு சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாமல் நின்றால் அங்கே நாளை புண் வரும். அவருக்கு மறையவில்லை. அவ்விடத்தில் கூட்டைச் சூடாக்கி வெளியே தள்ளி, மீண்டும் நடக்கவிட்டு, மீண்டும் பார்த்தார்கள். மூன்றாம் நாளில்தான் அவர் வீடு திரும்பினார். இந்த மூன்று நாள்களைத் தவிர்த்திருந்தால் இன்னும் சிலருக்குக் கால் செய்திருக்கலாம். ஆனால் அக்கால்கள் வீட்டு மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

அந்நாள்களில் அவர் தங்குவதற்கும், ஊரிலிருந்து வந்து போவதற்கும், இழந்த நாட்கூலிக்கும் பணம் வேண்டும். இவ்வகையில் 1,800 யூரோ செலவாயிற்று. 61 பேருடைய திருத்த வேலைக்குத் தலா 50 யூரோ வீதம் 3,050 யூரோ. மீதி 1,400 யூரோ செலவிடப்படாமல் இருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. புதிய கால் பெற்றவர்களுள் 9 பேர் அண்மையில், பெரும்பாலும் நீரிழிவினால், கால் இழந்தவர்கள். ஓராண்டுக்குள் அவர்களுடைய கூடு தளர்ந்துவிடும். வளரும் வயதில் உள்ள சிறுவர் மூவரும் இருக்கின்றனர். இந்தப் பணம் அவர்களுடைய இரண்டாவது கூட்டுக்கு.

நன்றி கூறும்போது ஒரு தொகையைத் தனியாகக் குறிப்பிட விரும்புகின்றோம். அகதி முகாம் ஒன்றில் விண்ணப்ப முடிவுக்காகக் காத்திருக்கும் 13 இளைஞர்கள், தமக்குக் கிடைக்கும் சொற்ப உதவிப்பணத்திலிருந்து தலா 5 யூரோ சேர்த்து 65 யூரோ அனுப்பியிருந்தார்கள். "இது எதற்குப் போதும், அண்ணை?" என்று அவர்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். எஞ்சிய காலுக்கும் கூட்டுக்கும் இடையே அணியும் கம்பளி உறை ஒன்றின் விலை 5 யூரோ. கால் சுருங்கும்போது இன்னொரு உறையை மேலே அணிந்தால் கூடு மேலும் சில மாதம் பொருந்தி நிற்கும். திருத்த வேலைக்கு வந்தவர்களுள் 13 பேர் இன்று அந்த உறைகளை அணிந்திருக்கிறார்கள். இதுவே அந்தத் தம்பிக்கு நமது பதில்.

கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கத் தயங்கிய காலம் ஒன்று நம்மிடையே இருந்தது. கேட்டவர் சந்தேகக்காரர் எனப்பட்டார். அக்காலம் திரும்ப வேண்டாம். பற்றுச்சீட்டுகள் யாவும் நமது காரியாலயத்தில் இருக்கின்றன. வேலை நாள்களில் எவரும் வந்து பார்க்கலாம். பெற்றவர்களின் பெயர்களும் படங்களும் மட்டும் காட்டப்படமாட்டா. உதவி பெற்றமைக்காக அவர்கள் தம் முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டும் உங்களிடம் வருவோம். அப்போது "100 புதிய கால்கள்" என்று கேட்கமாட்டோம். கொடுத்த 48 கால்களையும் திருத்திய 61 கால்களையும் நடக்கவைத்துக்கொண்டே இருப்பதற்குக் கேட்போம். விளம்பரத்துக்கு அது கவர்ச்சியான வாசகம் அன்று. ஆயினும் உங்கள் பணம் உண்மையில் செய்வது அதுதான்.