வலியைக் கேட்டு அளக்கலாகாத பாதம்

அறுவை மருத்துவத்தின் இறுதிப் பரீட்சையில் ‘ஷார்ட் கேஸ்’ எனப்படும் பகுதியில், மாணாக்கர் ஒருவர் நோயாளியின் கட்டிலருகே சில நிமிடங்களே நிற்க முடியும். அச்சிறு நேரத்தில் நீரிழிவு நோயாளியின் புண்பட்ட பாதம் ஒன்று அவர்முன் வைக்கப்படுமாயின், பரீட்சகர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி, “இஃது எந்தப் படிநிலை?” என்பதே. மாணாக்கரும் நோயாளியை நோக்கி, “எவ்வளவு தூரம் நடந்தால் கால் வலிக்கிறது?” என்று வினவி, வரும் விடையைக் கொண்டு ஒரு தரத்தைக் கூறிவிடுகிறார். இவ்வழக்கம் மாற்றப்படவேண்டும். நீரிழிவுப் பாதத்தைப் பொறுத்தவரை, தரம் என்பது கேள்வியில் பிறப்பதன்று. பரிசோதிப்பவரின் விரல் நுனியில் பிறப்பதாகும்.

வலியைக் கேட்டுத் தரம் பிரிக்கும் முறைகள் தம்மளவில் குற்றமுடையவை அல்ல. 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபான்டேன் முறை, கால் தமனி நோயை நான்கு படிகளாக வகுத்தது. முதற்படியில் நோயாளிக்குத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டாம் படியில் நடக்கும்போது வலி உண்டாகிறது. இருநூறு மீட்டருக்கு மேல் நடக்க இயலுமா இயலாதா என்பதைக் கொண்டு இப்படி மேலும் இரண்டாகப் பிரிக்கப்படும். மூன்றாவதில் ஓய்ந்திருக்கும்போதே வலி. நான்காவதில் புண் அல்லது அழுகல். நம் நாட்டு வகுப்பறைகளில் பெரிதும் பயிலப்படும் பாய்டு முறையோ, வலி வந்தபின் நோயாளி தொடர்ந்து நடக்கிறாரா, முயன்று நடக்கிறாரா, நின்றுவிடுகிறாரா என்பதைக் கொண்டு நடைவலியைப் பிரிக்கிறது. இவ்விரு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: இரத்தம் போதாத தசை வலிக்கும், அவ்வலியை நோயாளி உணர்வார் என்பது. புகைபிடிப்பவரின் காலில் இவ்வடிப்படை பெரும்பாலும் உறுதியாக நிற்கிறது.

நீரிழிவில் அது தகர்ந்துவிடுகிறது. பல்லாண்டு நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் பழுதடைகின்றன. ஆகவே ஓய்வு வலி தோன்றவேண்டிய பாதத்திலும் வலி தோன்றாமற் போகலாம். நீரிழிவாளரின் தமனி அடைப்பு முழங்காலுக்குக் கீழேயுள்ள குழாய்களையே மிகுதியாகப் பற்றுகிறது. எனவே தொடையிடுக்கிலும் முழங்கால் குழியிலும் நாடி நன்கு துடிக்க, பாதமோ இரத்தமின்றி வாடலாம். மேலும், தோலின் சிறு குழாய்களை ஆளும் நரம்புகளும் கெடுவதால், பாதம் தொடுவதற்கு வெதுவெதுப்பாகவே இருந்து பரிசோதிப்பவரை ஏமாற்றவும் கூடும். வலியும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஆயினும் விரலை இழக்கும் தறுவாயில் உள்ளது பாதம்.

இதனை விளக்க ஓர் உதாரணம் காணலாம். ஐம்பத்தெட்டு வயதுள்ள உழவர் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். புதுச் செருப்பு அணிந்த சில நாட்களில் வலப் பாதத்தின் இரண்டாம் விரல் நுனியில் புண் உண்டாகி, இரு மாதங்களாகியும் ஆறவில்லை. கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். நடக்கும்போது வலி உண்டா எனக் கேட்டால், இல்லை என்கிறார். மாணாக்கர் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். பாதம் வெதுவெதுப்பாக உள்ளது. முன்பாதம் சிவந்திருப்பதையும் காண்கிறார். உடனே, “நரம்புக் கேட்டினால் வந்த புண், சுற்றிலும் தோலழற்சி பரவியுள்ளது, இரத்த ஓட்டத்தில் குறையில்லை” என்று முடிவு கூறுகிறார். இம்மூன்று கூற்றுகளில் முதலாவது பாதி உண்மை. ஏனைய இரண்டும் பிழை.

முறையான பரிசோதனை எவ்வாறு நடந்திருக்கவேண்டும்? முதலில் உணர்ச்சி. பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையை நோயாளியின் கையில் ஒரு முறை தொட்டுக் காட்டி, பின் அவர் கண்களை மூடச் செய்து, உள்ளங்காலில் தடித்த தோலையும் புண்ணையும் தவிர்த்த இடங்களில், இழை வளையுமளவு அழுத்தி எடுக்கவேண்டும். இந்த உழவர் அத்தொடுதலை எங்கும் உணரவில்லை. இவ்வொரு செய்தியே, ‘வலி இல்லை’ என்ற அவருடைய விடை தமனியைப் பற்றி எதையும் கூறவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

அடுத்து நாடி. பாதத்தின் மேற்புற நாடியைப் பெருவிரலை நிமிர்த்தும் தசைநாணுக்குச் சற்றே வெளிப்புறத்திலும், பின்புற நாடியை உட்கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் இடைநடுவிலும் தேடவேண்டும். அழுத்தித் தேடுவோர் தம் விரல் நுனியின் துடிப்பையே நோயாளியின் நாடியென மயங்குவதுண்டு; ஐயம் தோன்றினால் மற்றொரு கையால் தம் மணிக்கட்டு நாடியைப் பிடித்து, இரண்டும் ஒன்றாகத் துடிக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். மேற்புற நாடி பிறவியிலேயே சிலருக்கு இல்லாதிருக்கும். பின்புற நாடி இல்லாதிருத்தல் அத்துணை எளிதாக ஒதுக்கத் தக்கதன்று. உழவரின் தொடையிடுக்கு நாடியும் முழங்கால் குழி நாடியும் தெளிவாக உள்ளன. பாதத்தின் இரு நாடிகளும் இல்லை.

மூன்றாவது, காலை உயர்த்திப் பார்த்தல். மல்லாந்து படுத்த நோயாளியின் கால்களை மெல்ல உயர்த்தினால், நல்ல இரத்த ஓட்டமுள்ள பாதம் செங்குத்தாக நிற்கும்போதும் நிறம் மாறாது. உழவரின் வலப் பாதமோ இருபத்தைந்து பாகை உயர்த்தியவுடன் வெளிறிவிடுகிறது. முப்பது பாகைக்குள் வெளிறுதல் கடும் குறைவின் அடையாளம். மீண்டும் காலைத் தொங்கவிட்டு அமரச் செய்தால், பாதம் சற்று நேரம் கழித்து மங்கிய செந்நிறம் கொள்கிறது. மாணாக்கர் தோலழற்சி எனக் கூறிய சிவப்பு இதுவே. உண்மையான தோலழற்சியின் சிவப்பு காலை உயர்த்தினாலும் மறையாது; இரத்தக் குறைவின் சிவப்பு மறைந்துவிடும். உழவரின் பாதத்தை உயர்த்தியபோது எஞ்சி நின்றது, புண்ணைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சிவப்பு வளையமே; அங்கு மட்டும் சிறிது வீக்கமும் உண்டு.

இறுதியில் புண். விரல்களின் இடுக்குகளையும் குதிகாலையும் பார்த்தபின், தூய்மை செய்யப்பட்ட உலோகக் கம்பியால் புண்ணின் அடியைத் தொடவேண்டும். கடினமாகத் தட்டுப்பட்டால் எலும்பு எட்டியுள்ளது எனக் கருதலாம். இங்கு அவ்வாறு தட்டவில்லை, புண் ஆழமற்றது.

இந்நிலையில் பரீட்சகர் ஒரு சோதனைத் தாளை நீட்டுகிறார். கையில் இரத்த அழுத்தம் நூற்று நாற்பது பாதரச மில்லிமீட்டர். கணுக்காலில் இருநூற்றுப் பத்து. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் விகிதம் 1.5. இவ்விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் நோய் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், ‘இது நன்று’ என மகிழ்வார். உண்மையோ வேறு. நீரிழிவில் கணுக்கால் தமனியின் சுவரில் சுண்ணம் படிந்து அது குழாய் போல் விறைத்துவிடுவதால், அழுத்தப் பட்டையால் அதனை நசுக்க இயலுவதில்லை. 1.4-க்கு மேற்பட்ட எண் நலத்தைக் காட்டுவதன்று. அளவை பயன்படவில்லை என்பதைக் காட்டுவதாகும். கால்விரல் தமனிகளில் இச்சுண்ணப் படிவு குறைவு. ஆகையால் விரலின் அழுத்தத்தை அளக்கவேண்டும். உழவரின் பெருவிரலில் அது இருபத்தெட்டு மில்லிமீட்டர் மட்டுமே.

இப்போது தரம் கூறலாம். அமெரிக்கத் தமனி அறுவையாளர் சங்கம் 2014-இல் வெளியிட்ட முறை, புண், இரத்தக் குறைவு, கிருமித் தொற்று ஆகிய மூன்றையும் தனித்தனியே பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பிடுகிறது. உழவரின் ஆழமற்ற புண்ணுக்கு ஒன்று. விரல் அழுத்தம் முப்பதுக்குக் கீழ் இருப்பதால் இரத்தக் குறைவுக்கு மூன்று. இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிவப்பாதலின் தொற்றுக்கு ஒன்று. புண் சிறியது, தொற்று சிறியது, இரத்தக் குறைவோ உச்சநிலை என்பதை இம்மூன்று எண்களும் மறைக்காமல் உரைக்கின்றன. ஃபான்டேன் முறைப்படி இதே பாதம் புண் உள்ள காரணத்தால் நான்காம் படியாகும். ஆயினும் நாடிகள் நன்கு துடிக்கும் பாதத்தில், நரம்புக் கேட்டினால் மட்டும் உள்ளங்காலில் உண்டான புண்ணையும் மாணாக்கர் அதே நான்காம் படியில் சேர்த்துவிடுகிறார். ஒன்றுக்கு வேண்டுவது இரத்தக் குழாய்ச் சிகிச்சை. மற்றதற்கு வேண்டுவது அழுத்தம் நீக்கும் கட்டும் காலணியும். இரண்டையும் ஒரே எண்ணில் அடைப்பது எங்ஙனம் பொருந்தும்?

தவறான தரத்தின் விலையை மாணாக்கர் மதிப்பெண்ணில் செலுத்துகிறார். நோயாளி காலில் செலுத்துகிறார். இரத்தம் எட்டாத விரலை வெட்டி எடுத்தால், வெட்டிய இடமும் ஆறாது. அடுத்த வெட்டு இன்னும் மேலே விழும். சீழ் கட்டியிருந்தால் அதனை வெளியேற்றத் தாமதிக்கலாகாது. அஃதன்றி ஏனைய அறுவைகளுக்கு முன்னர், இரத்தத்தைப் பாதத்துக்குக் கொணர வழியுண்டா என்பதைத் தமனி வல்லுநர் பார்த்தல் வேண்டும்.

இது மிகையான கோரிக்கை, குறுகிய நேரத்தில் இத்தனையும் இயலாது எனச் சிலர் கூறலாம். உணர்ச்சிக்கும் நாடிக்கும் கால் உயர்த்தலுக்கும் பழகிய கைக்குச் சில நிமிடங்களே வேண்டும். நேரத்தை உண்பது பரிசோதனை அன்று. நடைத் தூரத்தைப் பற்றிய நீண்ட வினாக்களே. ஆகவே ஆசிரியர்களும் பரீட்சகர்களும் கேள்வியின் வரிசையை மாற்றிக்கொள்ளுதல் தகும். உணர்ச்சி உண்டா, நாடி உண்டா, உயர்த்தினால் நிறம் என்னாகிறது என்ற மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே படிநிலையைக் கேட்கவேண்டும். நாடி கைக்கு எட்டுகிறது என்பதனாலேயே இரத்த ஓட்டம் முழு நலமென உறுதி கூறவும் ஆகாது. ஆறாத புண்ணுக்கு விரல் அழுத்த அளவை எப்போதும் வேண்டும்.

கிராமங்களில் பணியாற்றும் ஊழியரிடம் நைலான் இழை இல்லாதிருக்கலாம். அவர் நோயாளியின் கண்களை மூடச் செய்து, இரு பாதங்களிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் நுனியைத் தம் ஆட்காட்டி விரலால் அழுத்தாமல் ஓரிரு நொடிகள் மெல்லத் தொட்டால் போதும். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லையெனில் பாதத்தின் காவல் உணர்ச்சி போய்விட்டது. அத்தகையவர் ‘வலி இல்லை’ என்று கூறும்போது ஊழியர் ஆறுதல் கொள்ளாமல், கணுக்காலின் பின்னே நாடியைத் தேடுவாராக.