இரண்டு பென்சில் போதும்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு முரசும் கிலுகிலுப்பையும் செய்வது எளிது. பால்பவுடர் டின்னின் வாயில் பலூனை இழுத்துக் கட்டலாம். சின்ன பாட்டிலில் கைப்பிடி அரிசி போட்டு, மூடியை டேப்பால் இறுக ஒட்டலாம். தந்திக் கருவிதான் ஏமாற்றிவிடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் வட்டமாகத் துளையிட்டு ரப்பர் பேண்டுகளை மாட்டினால் 'தப்' என்ற செத்த ஓசைதான் வரும். பேண்டு மூடியில் பட்டுக்கொண்டிருப்பதால் முழுதாக அதிர்வதில்லை. துளையின் இரு பக்கமும் பேண்டுகளுக்கு அடியில் ஒவ்வொரு பென்சிலைச் செருகினால் ஓசை உடனே தெளிகிறது. அட்டை உள்வாங்கி வளைந்தால் பேண்டு தொய்ந்துவிடும். கெட்டியான பெட்டியாக எடுங்கள். தடித்த பேண்டு கனத்த ஒலியும், மெல்லியது கீச்சென்ற ஒலியும் தரும். சுருதி சேர்க்க நாம் மெனக்கெட வேண்டாம் என்பேன். ஒரு பென்சிலைச் சாய்த்து வைக்கும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள். பென்சில்களுக்கு நடுவே நீளம் குறையும் பேண்டில் சுருதி ஏறுவதை அதுவே கேட்டுக் கண்டுபிடிக்கும். பேண்டுகளை மாட்டுவது மட்டும் பெரியவர்கள் வேலை. வெடிப்பு விட்ட பழைய பேண்டு அறுந்து கண்ணில் அடிக்கும். அதை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.