எச்சத் தொடரை எங்கே வெட்டுவது? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மெய்ப்புத் திருத்துவோரும் பிரதி செம்மை செய்வோரும் சேர்ந்த எங்கள் சங்கத்தில் நெடுநாளாக ஒரு விவாதம் நடந்து வந்தது. வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் நீண்ட வாக்கியங்களை உடைக்க வேண்டுமா, உடைத்தால் எந்த இடத்தில் உடைப்பது? பொதுமக்களுக்குப் போகும் கடிதம், அறிவிப்பு, படிவம், செய்தி ஆகியவற்றைப் பொறுத்தவரை நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். செய்பவர் மாறும் இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும். செய்பவர் மாறாதவரை, நீளத்தை மட்டும் காரணம் காட்டி அதை உடைக்கக் கூடாது. கதை, கவிதை, கட்டுரை எழுதுவோரின் நடைக்கு இந்த முடிவு பொருந்தாது.

இந்த விவாதம் சூடுபிடிக்கக் காரணம் ஒரு கடிதம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் பெரியப்பா பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்திருந்தார். அவருக்கு வந்த பதிலின் வாசகம், அடையாளங்கள் நீக்கி, இதுதான்:

“தாங்கள் அளித்த மனுவினைப் பரிசீலித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கை பெற்று, நில அளவரால் புலத்தணிக்கை செய்யப்பட்டு, எல்லைத் தகராறு இருப்பது தெரியவந்து, 15 தினங்களுக்குள் நேரில் ஆஜராகி விளக்கம் அளித்து பத்திர நகலைச் சமர்ப்பிக்காத பட்சத்தில் மனு நிராகரிக்கப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது.”

பெரியப்பா இதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு பத்திர நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். நேரில் போகவில்லை. மனு தள்ளுபடி ஆனது. அவர் எழுத்தறியாதவர் அல்லர், ஓய்வுபெற்ற ஆசிரியர். தவறு அவருடையது என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வாக்கியத்தில் ஒவ்வோர் எச்சத்திடமும் ‘யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பரிசீலித்து, பெற்று: அலுவலகம். செய்யப்பட்டு: நில அளவர். தெரியவந்து: இதற்கு ஆள் இல்லை, தகராறு இருப்பதுதான் தெரியவந்தது. ஆஜராகி, அளித்து: மனுதாரர். அலுவலகத்தில் தொடங்கிய வாக்கியம் எந்த அறிவிப்பும் இல்லாமல் மனுதாரரின் கையில் வேலையைக் கொடுத்துவிடுகிறது. அவர் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது என்பதே நான்கு எச்சங்களைத் தாண்டிய பிறகுதான் தெரிகிறது. அதுவும் ‘செய்ய வேண்டும்’ என்று எங்கும் நேராகச் சொல்லப்படவில்லை.

இது புதிதாக நாங்கள் கண்டுபிடித்த விதி அல்ல. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே வகுத்திருக்கிறது. ‘அவள் சந்தைக்குப் போய், காய் வாங்கி, வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்தாள்’ என்பதில் நான்கு வினை இருந்தும் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. நான்குக்கும் அவள் ஒருத்தியே உரியவள். இதை நான்கு வாக்கியமாக நறுக்கினால் தமிழ் திக்கிப் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒரு வாக்கியத்துக்கு இத்தனை சொல்தான் என்று எண்ணிக்கை வைக்கும் நடைக்கையேடுகளை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

விதிக்கு விலக்கும் உண்டு, அதையும் இலக்கணமே சொல்கிறது. ‘அவர் கை முறிந்து விழுந்தார்’ என்றால் முறிந்தது கை, விழுந்தது அவர். உறுப்பின் வினை உடையவரின் வினையோடு முடியலாம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதிலும் வினைமுதல் இரண்டு. ஆனால் முதல் வினை இரண்டாவதற்குக் காரணம். இதை ‘மழை பெய்தது. குளம் நிறைந்தது.’ என்று பிரித்தால் இரண்டு தனிச் செய்திகள் ஆகிவிடும், இடையில் இருந்த காரணம் போய்விடும். பிரித்தே தீர வேண்டிய இடத்தில் ‘அதனால்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பிரித்து எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எச்சம் சும்மா நிற்பதில்லை. முன்பின் வரிசை, காரணம், செய்யும் விதம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சுமந்து நிற்கிறது. ‘விரைந்து முடித்தார்’ என்பதில் உள்ள ‘விரைந்து’ விதத்தைச் சொல்கிறது. அதைத் தனியே பிரிக்க முடியாது. ‘எழுதிக்கொண்டிருந்தார்’, ‘கொடுத்துவிட்டார்’ என்பனவும் அப்படியே. அவற்றில் இரண்டு வினை இருப்பது தோற்றம்தான்.

செய்பவர் மாறாவிட்டாலும் வெட்டியாக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது எதிர்மறையில் முடியும் தொடர். ‘அதிகாரி ஆவணங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடவில்லை’ என்ற வரியை எங்கள் கூட்டத்தில் வாசித்தோம். சரிபார்த்தார், ஆனால் கையெழுத்திடவில்லை என்றார்கள் சிலர். சரிபார்க்காமலே கையெழுத்திட்டார் என்றார்கள் சிலர். இரண்டையும் செய்யவில்லை என்றும் ஒருவர் சொன்னார். மூன்றும் அந்த வரிக்குள் இருக்கின்றன. கடைசியில் வரும் ‘இல்லை’ எந்த வினைவரை பாய்கிறது என்பதை எச்சம் காட்டாது. பெரியப்பாவைக் கவிழ்த்ததும் இதுதான். ‘சமர்ப்பிக்காத பட்சத்தில்’ என்ற எதிர்மறை நகலை மட்டுமே தொடுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். ‘ஆஜராகி’ என்பதையும் அது தொடுகிறது என்பது எழுதியவர் மனத்தில் மட்டும் இருந்தது.

அந்தக் கடிதத்தை நாங்கள் இப்படித் திருத்தினோம்:

“தாங்கள் அளித்த மனுவைப் பரிசீலித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கை பெற்றோம். நில அளவர் தங்கள் நிலத்தைப் பார்வையிட்டு அளந்தார். எல்லைத் தகராறு இருப்பது அப்போது தெரியவந்தது. ஆகவே இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தாங்கள் இந்த அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டும். பத்திர நகலையும் அப்போது கொண்டு வர வேண்டும். இவற்றில் எதைச் செய்யத் தவறினாலும் மனு நிராகரிக்கப்படும்.”

ஒரு வாக்கியம் ஆறானது. ஆனாலும் ‘பரிசீலித்து’, ‘பார்வையிட்டு’, ‘வந்து’ ஆகியவற்றை எச்சமாகவே வைத்திருக்கிறோம், அந்தந்த இடத்தில் செய்பவர் ஒருவரே என்பதால். இந்தத் திருத்தத்தில் இன்னொன்றும் நடந்ததைக் கவனியுங்கள். ‘கிடைத்த’ என்ற சொல் மூலத்தில் இல்லை. 15 நாள் எந்த நாளிலிருந்து என்று மூலம் சொல்லவே இல்லை. கடிதத் தேதியிலிருந்தா, கைக்கு வந்த தேதியிலிருந்தா? நீண்ட வாக்கியத்தில் இந்தக் குறை ஒளிந்துகிடந்தது, பிரித்தவுடன் வெளியே வந்தது. அலுவலகம் அனுப்பவிருக்கும் கடிதமாக இருந்தால் இந்தச் சொல்லை நாங்களாகச் சேர்த்திருக்க மாட்டோம், எழுதியவரிடம் கேட்டிருப்போம். செம்மை செய்பவர் வாக்கியத்தை வெட்டலாம். விடுபட்ட பொருளைத் தன் ஊகத்தால் நிரப்பக் கூடாது. ‘செய்யப்பட்டு’ என்ற செயப்பாட்டு எச்சத்தைப் பிரிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். இங்கே நில அளவர் பெயர் சொல்லப்பட்டதால் பிழைத்தோம். பல கடிதங்களில் செய்தவர் யார் என்பதே இருக்காது.

சட்ட வாசகத்தை உடைத்தால் அதன் பிணைப்பு போய்விடும் என்று எங்கள் மூத்த உறுப்பினர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். ஆணையின் மூல வாசகத்தில் கை வைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆணையை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் கடிதத்தைத்தான் சொல்கிறோம். நிபந்தனை எது, விளைவு எது என்று தனித்தனியே நிற்கும்போது பிணைப்பு இறுகவே செய்கிறது.

இனி எங்கள் உறுப்பினர்கள் கைக்கு வரும் பொது அறிவிப்புகளில், செய்பவர் மாறியும் முடியாமல் ஓடும் வாக்கியத்தைக் கேள்விக்குறியிட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம். அலுவலகங்களில் கடிதம் எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கையெழுத்துக்கு வைக்குமுன் ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வோர் எச்சத்தின் மேலும் அதைச் செய்பவர் யார் என்று எழுதுங்கள். பெயர் மாறும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள்.