வலைப்பையும் சலவை இயந்திரமும்



“வலைப்பையில் இட்டால், எந்த இயந்திரத்தில் வேண்டுமானாலும் மெல்லிய துணிகளைத் துவைக்கலாமா?” என்று நம் திருப்புட்குழிச் சகோதரி ஒருவர் வினவினார். அவரிடம் கல் பதித்த ஷிஃபான் துப்பட்டாக்கள் இரண்டு இருக்கின்றன. வீட்டில் இருப்பது டாப் லோடு இயந்திரம். தங்கை வீட்டில் இருப்பதோ ஃப்ரண்ட் லோடு.

நம் இல்லங்களில் காணப்படும் டாப் லோடு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில், தொட்டியின் அடியில் ஒரு வட்டத்தட்டு இருக்கும். அது இருபுறமும் மாறி மாறிச் சுழன்று நீரைக் கலக்குகிறது. அப்போது நீளமான துணிகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்கின்றன, தட்டின்மீதும் உரசுகின்றன. ஃப்ரண்ட் லோடில் தட்டு இல்லை. படுக்கைவாட்டில் சுழலும் உருளை, துணியை மேலே தூக்கி நீரில் விழச் செய்கிறது. ஆகவே முறுக்கமும் உரசலும் குறைவு. ஆனால், நீரை வடிக்கும் வேகம் அதில் அதிகம். நிமிடத்திற்கு 1000 சுற்றுக்கு மேலும் செல்லும். மெல்லிய துணிக்கு 400 முதல் 600 வரை போதும்.

வலைப்பை செய்வது ஒன்றே: துணி பிறவற்றோடு சிக்காமலும், கொக்கி, ஜிப் முதலியவற்றில் மாட்டி நூல் இழுபடாமலும் காக்கிறது. இயந்திரத்தின் வேகத்தை அது குறைப்பதில்லை. எனவே முறுக்கம் மிகுந்த டாப் லோடில்தான் அதன் பயன் பெரிது.

அச்சகோதரி செய்ய வேண்டியது இதுவே. துப்பட்டாவை உட்புறம் வெளியாகத் திருப்பி மடித்து, பைக்கு ஒன்றாக இடுக. பை பாதியளவே நிறைய வேண்டும். திணித்தால் சோப்பு நீர் உட்புகாது. மிகப் பெரிய பையாயின் துணி உள்ளேயே சுருண்டுகொள்ளும். கண்கள் சிறியனவாக உள்ள பையே ஷிஃபானுக்கு ஏற்றது. ஜிப்பின் கைப்பிடியை அதற்கான துணிமடிப்பினுள் செருகிவிடுக. பின், மென்துணிக்குரிய சுற்றைத் தேர்ந்து, நீரை நிறைய விடுக. நீர் குறைந்தால் பை தட்டின்மீது தேயும். ஜீன்ஸ், துவாலை போன்ற கனத்த துணிகளை உடன் சேர்க்கலாகாது. பையை மட்டும் தனியே இட்டால் வடிக்கும்போது தொட்டி ஒருபுறம் சாய்ந்து அதிரும். ஆகவே மெல்லிய பருத்தி உடைகள் சிலவற்றைச் சேர்க்கலாம்.

துவைத்தபின் துப்பட்டாவை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் ஒருபுறம் ஒதுங்கியிருந்தாலோ, பையினுள் கற்கள் உதிர்ந்து கிடந்தாலோ, அத்துணிக்கு இயந்திரம் ஏற்றதன்று. கையால் அலசுவதே நன்று.

காஞ்சிப் பட்டும் ஜரிகையும் மட்டும் எப்பையிலும் எவ்வியந்திரத்திலும் வேண்டாம். பட்டு புரத இழை. கறை நீக்கும் நொதிகள் கலந்த சோப்புத்தூள் அதனை அரிக்கும். உரசலால் ஜரிகையின் மேற்பூச்சு மங்கும். இவற்றை உலர் சலவைக்குக் கொடுப்பதே முறை.