கயிற்றை அறுக்காதீர்கள்

லிஃப்டில் மூவர் சிக்கினால் போதும், நம் கதாசிரியர்கள் உடனே கயிற்றை அறுக்கிறார்கள். இது பொய்ப் பதற்றம். கயிறு அறுந்தாலும் தட்டு விழாது என்பதை ஓட்டிஸ் 1854இல் நியூயோர்க்கில் தாமே அதில் நின்று, கயிற்றை வெட்டச் செய்து காட்டிவிட்டார்.

பதற்றம் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. மூவரில் இருவர் சேர்ந்தால் ஒருவர் தனித்துப்போவார். 1944இல் மேடையேறிய சார்த்தரின் நாடகத்தில், ஒரே அறைக்குள் மூவரிடையே மாறிக்கொண்டேயிருக்கும் இந்தச் சேர்க்கைதான் நாடகம்.

2022 மார்ச் மின்வெட்டில் கொழும்பில் நின்றுபோன ஒரு லிஃப்டை எண்ணிப்பாருங்கள். ஒருவரிடம் சார்ஜ் தீரும் கைபேசி, இன்னொருவரிடம் அரைப் போத்தல் தண்ணீர், மூன்றாமவரிடம் எதுவுமில்லை. கைபேசிக்காரர் தம் வீட்டுக்கு மட்டும் பேசிவிட்டு அணைக்கிறார். மற்ற இருவரும் ஒன்றாகிறார்கள். தாகம் வந்ததும் அவர் மீண்டும் கைபேசியை எடுத்து, போத்தல்காரரிடம் மட்டும் நீட்டுகிறார். அவர் வாங்குவாரா?

வாசகன் மூச்சைப் பிடிப்பது அங்கேதான்.