'ஆட்சேபனை இல்லை' என்ற கடிதம் யாருக்கு உதவும்?

போன மாதம் பொயிண்ட் குக்கில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த தம்பி ஒருவர், 482 விசாவில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, ஈவினிங்ல மாஸ்டர்ஸ் படிக்கலாம்னு இருக்கேன். கம்பெனில என்.ஓ.சி. எப்படிக் கேக்கறது? ஃபார்மட் ஏதாவது இருக்கா?"

இதே கேள்வியை 2023-ல் நானும் கேட்டவன்தான். அப்போது தவறான கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஒரு பாடத்தின் முழுக் கட்டணத்தையும் இழந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தடையின்மைச் சான்று என்பது நம் ரத்தத்தில் ஊறிய காகிதம். என் அப்பா மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1992-ல் மாலை நேர பகுதி நேர பி.இ. படிக்க விண்ணப்பம் வாங்கி வந்தார். அதில் நிறுவனத்தின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. மேலாளர் போடவில்லை. "பட்டம் வாங்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிடுவே" என்றாராம். ஷிப்ட் முறை வேறு தடையாக இருந்தது. கடைசித் தேதி கடந்துபோனது. பூர்த்தி செய்த அந்த விண்ணப்பம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பல வருடம் கிடந்தது.

அந்த வீட்டில் வளர்ந்தவன் படிக்க நினைத்தால் முதலில் என்ன செய்வான்? நானும் எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "மாலை நேர முதுநிலைப் படிப்பில் சேர விரும்புகிறேன், ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் தரவும்." அதைப் படித்த என் மேலாளர் குழம்பிப்போய்க் கூப்பிட்டார். "வேலை முடிஞ்சு நீ படிக்கறதுக்கு நான் ஏன் ஆட்சேபிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, எனக்காக ஒரே ஒரு வரியில் கடிதம் கொடுத்தார். நான் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன். அவர்கள் கேட்கவே இல்லை. வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள்.

இங்கே வழக்கமான முதுநிலைப் படிப்பில் சேர நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவையில்லை. சேர்க்கையின்போது அவர்கள் பார்ப்பது உங்கள் பட்டம், மதிப்பெண், சில இடங்களில் வேலை அனுபவம். அனுபவத்துக்குக் கடிதம் கேட்டால், நீங்கள் எந்தப் பதவியில் எவ்வளவு காலம் இருக்கிறீர்கள் என்பது அதில் இருந்தால் போதும்.

விசாவும் அப்படித்தான். 482 விசாவின் 8607 என்ற நிபந்தனை, நீங்கள் யாரிடம், எந்த வேலை செய்கிறீர்கள் என்பதைப் பற்றியது. படிக்கக் கூடாது என்று அதில் இல்லை. 'கம்பெனி ஸ்பான்சர் பண்ணுது, அதனால் பெர்மிஷன் வேணும்' என்பது நாமே கட்டிக்கொண்ட கதை. உங்கள் விசாவின் நிபந்தனைகளை VEVO தளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, தற்காலிக விசாவில் இருப்பவர் சர்வதேச மாணவருக்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு, ஸ்பான்சர் செய்யப்பட்ட வேலை முழுநேர வேலை. படிப்பதற்காக வேலை நாட்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நேரத்தை முன்னே பின்னே நகர்த்தக் கேளுங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் பேசுங்கள்.

அப்படியானால் கடிதமே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது வேறு கடிதம். அது எனக்குப் புரிந்தது, கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான்.

2023 ஜூலையில் வகுப்பு தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மாலை 5.30 முதல் 8.30 வரை, நகர மையத்தில். செவ்வாய் எனக்கு வீட்டிலிருந்து வேலை. பொயிண்ட் குக்கில் ரயில் நிலையம் கிடையாது. நாலு மணிக்குக் கிளம்பி, வில்லியம்ஸ் லேண்டிங்கில் காரை நிறுத்தி, ரயில் பிடித்தால் பதற்றம் இல்லாமல் வகுப்புக்குப் போய்விடலாம். அந்த மேலாளர் "போயிட்டு வா" என்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. எழுத்தில் எதுவும் இல்லை.

செப்டம்பரில் அவர் வேறு பிரிவுக்குப் போனார். புது மேலாளர் ஆன்-கால் முறையை மாற்றினார். ஐந்து வாரத்துக்கு ஒரு வாரம் என்று இருந்தது, என் பங்குக்குச் செவ்வாய் மாலைகள் என்று ஆனது. நான் ஒரு வரிக் கடிதத்தைக் காட்டினேன். "நீ படிக்கறதுல எனக்கும் ஆட்சேபனை இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. கடிதத்தில் இருந்தது அது மட்டும்தான். மூன்று வகுப்புகள் போயின, ஒரு குழு விளக்கவுரை போனது, பாடமும் போனது.

விலகியிருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் 'சென்சஸ் டேட்' என்ற ஒன்று வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தேதி இருக்கும். அதற்குள் விலகினால் அந்தப் பாடத்தின் கட்டணமோ கடனோ உங்கள் தலையில் விழாது. தாண்டினால் விழும். பாட காலத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு கடந்த பிறகே அந்தத் தேதி வரும். எனக்கு ஆகஸ்ட் 31. ஆன்-கால் மாறியது செப்டம்பரில்.

அதற்குப் பிறகும் ஒரு கதவு உண்டு. பாடத்தை முடிக்க முடியாதபடி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று சென்சஸ் தேதிக்குப் பிறகு நடந்தால், கடனை நீக்கச் சொல்லிப் பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். நோய் மட்டுமல்ல, எதிர்பாராமல் வேலை ஏற்பாடு மாறியதும் அதில் காரணமாகலாம். நானும் விண்ணப்பித்தேன். 'முன்பு என்ன ஏற்பாடு இருந்தது, எப்போது மாறியது' என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 'ஆட்சேபனை இல்லை' என்ற ஒரு வரி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மாறியது என்று நிரூபிக்க, முன்பு இருந்தது எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

2024-ல் மறுபடி சேர்ந்தபோது மேலாளரிடம் அனுமதி கேட்கவில்லை. ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சம்மதமானால் பதில் எழுதுங்கள் என்றேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"பிப்ரவரி இறுதி முதல் ஜூன் இறுதி வரை, செவ்வாய்க்கிழமைகளில் என் வேலை நேரம் காலை 7.30 முதல் மாலை 4 மணி வரை. வாரத்துக்கு 38 மணி நேரம் என்பது குறையாது. செவ்வாய் மாலை ஆன்-கால் எனக்கு வந்தால், குழுவில் ஒருவர் எடுத்துக்கொள்வார். பதிலுக்கு அவருடைய வியாழனை நான் எடுப்பேன். அவர் சம்மதித்திருக்கிறார். தேர்வு நாளுக்கு மூன்று வாரம் முன்பே சொல்லி, என் ஆண்டு விடுப்பிலிருந்து எடுப்பேன். இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டியிருந்தால் நான்கு வாரம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேலாளர் மாறினாலும் இது தொடரும்."

அன்றே "சரி" என்று பதில் வந்தது. எச்.ஆருக்கும் நகல் போனது. ஏன் உடனே ஒப்புக்கொண்டார் என்று பிறகு கேட்டேன். "நீ எனக்குப் பிரச்சினையைக் கொண்டு வரல, ஒரு ரோஸ்டரைக் கொண்டு வந்தே" என்றார்.

"சட்டம் இருக்கே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தையும் பார்த்துவிடுவோம். ஃபேர் வொர்க் சட்டத்தில் நெகிழ்வான வேலை நேரம் கேட்கும் உரிமை உண்டு. சிறு பிள்ளைகளின் பெற்றோர், பராமரிப்பாளர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், 55 வயது நிறைந்தவர்கள் போன்றோருக்கு அது பொருந்தும். படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை நியாயமான காரணத்தோடு மறுக்கும் உரிமை வந்தது. நல்ல உரிமைதான். ஆனால் அந்த நேரத்தில் தயாராக இருக்க உங்களுக்கு ஊதியம் தரப்படுகிறதா என்பதும் அங்கே எடைபோடப்படும். ஆன்-கால் படி வாங்கிக்கொண்டு 'வகுப்பில் இருக்கிறேன்' என்றால் அந்த வாதம் நிற்பது கடினம். படிப்புக்குச் சட்டத்தில் தனி இடம் இல்லாததால்தான் எழுத்தில் வாங்குவது முக்கியமாகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவியின் தம்பிக்கு என்.ஓ.சி. என்றால் என்னவென்றே தெரியாது. "என் ஈவினிங் என்னோடது. அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்பான். சனிக்கிழமை வகுப்பு, அல்லது எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆன்லைன் பாடம் என்றால் அவன் சொல்வதே சரி. வாயைத் திறக்க வேண்டாம். தேவையில்லாத இடத்தில் அனுமதி கேட்டால், மறுக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக எதிராளி நினைக்கத் தொடங்குவார். ஆனால் 5.30-க்கு வகுப்பு, 5.30 வரை வேலை என்றால் அவன் வாதம் வில்லியம்ஸ் லேண்டிங் பிளாட்ஃபாரத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே தம்பியிடம் நான் சொன்னது இதுதான். வகுப்பு அட்டவணையையும் ஆன்-கால் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இரண்டும் எங்கே மோதுகிறது என்று பார். மோதாவிட்டால் யாரையும் கேட்காதே. மோதினால் அந்த இடத்தை மட்டும் எழுத்தில் தீர்த்துக்கொள். நிறுவனம் கட்டணத்தில் பங்கு தருகிறது என்றால், வேலையை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் படி. எல்லாப் பதிலும் சென்சஸ் தேதிக்கு முன்பு கைக்கு வரட்டும். வராவிட்டால் அந்தப் பருவம் விலகிக்கொள், அடுத்த பருவம் சேர்.

"அப்போ ஃபார்மட் இல்லையாண்ணா?" என்றார் ஏமாற்றத்தோடு.

இல்லை. அப்பாவின் விண்ணப்பத்தில் அந்தக் கையெழுத்து இல்லாமல் உள்ளே போக வழி இருக்கவில்லை. நமக்கு இங்கே அந்தக் கட்டம் இல்லை. நாமாகவே ஒன்றை வரைந்து, அதில் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் கிளம்பலாம் என்று எழுதியிருக்கும் ஒரு மின்னஞ்சல் எனக்குப் போதும்.