மேலே ஒரு முண்டு

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டிக்கு 72 வயது. போன வருடம் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐம்பது வருடம் புடவையைத் தவிர வேறெதுவும் கட்டாதவர். கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே புடவைக் கொசுவம் தடியின் ரப்பர் அடியில் இரண்டு முறை மாட்டிக்கொண்டது. இரண்டாவது முறை வாசற்படியில் விழப் பார்த்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண், "பாட்டி, கொஞ்ச நாளைக்குச் சுடிதார் போட்டுக்கோங்க" என்றாள். பேத்தி அன்று மாலையே சாலை பஜாருக்குப் போய், தொளதொளவென்று இரண்டு செட் வாங்கி வந்துவிட்டாள்.

பாட்டிக்குச் சம்மதம். வீட்டிலிருந்த ஆண்களுக்குத்தான் இல்லை. "தெருவில நாலு பேர் என்ன சொல்வா?" என்று மூத்த மகன் கேட்டார். பாட்டி சொன்ன பதிலை நேரில் கேட்டேன்: "நாலு பேரா வந்து என்னைத் தூக்கி விடப்போறா? விழுந்தா நீதானேடா ஆஸ்பத்திரிக்கு அலையணும்."

வீட்டில் அத்தோடு பேச்சு முடிந்தது. கோயிலில் முடியவில்லை. பாட்டி வாராவாரம் போவது பத்மநாப சுவாமி கோயிலுக்கு. அங்கே பெண்களுக்குப் புடவை, முண்டும் நேரியதும், பாவாடை சட்டை ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. ஆண்கள் இடுப்பில் வேட்டியோடு, மேலே சட்டையில்லாமல் போக வேண்டும். சுடிதாரில் வருகிற பெண் அதன் மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டால் உள்ளே போகலாம். கொண்டு வராதவர்களுக்குக் கோயில் வாசலிலேயே முண்டு வாடகைக்குக் கிடைக்கும்.

இந்த விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சுடிதார் கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்பை மூடுகிற உடை. புடவையில் இடுப்பு தெரியும், சுடிதாரில் அதுவும் தெரியாது. ஆகவே விதி கேட்பது மறைப்பை இல்லை. கால் இரண்டாகப் பிரிந்து தெரிகிற அந்த உருவம்தான் அதற்கு ஆகவில்லை. ஒரு முண்டைச் சுற்றியதும் இரண்டு கால் ஒன்றாகிவிடுகிறது, பழைய உருவம் கிடைத்துவிடுகிறது. உள்ளே சுடிதார் இருப்பது காவலருக்கும் தெரியும், வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

2016-இல் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. பெண் வழக்கறிஞர் ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். கோயிலின் நிர்வாக அதிகாரியே இதில் முடிவெடுக்கட்டும் என்றது நீதிமன்றம். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த கே.என்.சதீஷ், நவம்பர் மாத இறுதியில், சுடிதாரோடு வரலாம் என்று உத்தரவிட்டார். மறுநாளே பெண்கள் சுடிதாரில் வந்தார்கள். வாசலில் எதிர்ப்பும் வந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பமும் ஏற்கவில்லை. விவகாரம் திரும்பவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கத்தை மாற்ற நிர்வாக அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, இதில் தந்திரியின் கருத்தே முடிவு என்று டிசம்பர் 8-ஆம் தேதி நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்து நாள்கூட நீடிக்காத அனுமதி அது. மறுபடி முண்டு வந்தது.

கவனியுங்கள், சுடிதார் தெய்வத்துக்கு ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. யார் முடிவு செய்வது என்ற கேள்விக்குத்தான் பதில் சொன்னது. இதே கேரளத்தில் குருவாயூர் கோயில் 2007-லேயே சுடிதாரை அனுமதித்தது. தமிழ்நாட்டில், 2016 ஜனவரி 1 முதல் கோயில்களுக்கு உடை விதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி உத்தரவிட்டபோது, ஏற்கத்தக்க உடைகளின் பட்டியலில் புடவை, தாவணியோடு சுடிதாரும் இருந்தது. அந்த உத்தரவும் அந்த ஜனவரியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் ஊரில் பக்திக்கு அடையாளமாக எழுதப்படுகிற உடை அடுத்த ஊரில் வாசலில் தடுக்கப்படுகிறது என்றால், அந்த விதி சாமியிடமிருந்து வந்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

இந்த ஊரின் பழைய கதையை நினைக்காமல் இதைப் பேச முடியாது. இன்று தோளை மூடாமல் வருகிற பெண் மரியாதை தெரியாதவள். இருநூறு வருடங்களுக்கு முன் இதே திருவிதாங்கூரில் தோளை மூடியதுதான் குற்றம். மேலானவர் முன் மேலாடையை விலக்குவதுதான் அன்றைக்கு மரியாதை. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை போட்டுக்கொண்டதற்காகச் சந்தைகளிலும் தெருக்களிலும் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டு நீண்ட அந்தப் போராட்டம், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்தில் வந்து நின்றது.

அந்தப் பிரகடனம் என்ன சொன்னது என்பது முக்கியம். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த வகையிலும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி மட்டும் அணியக் கூடாது. உடம்பை மூட உரிமை கொடுத்த அதே வரியில், வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதையும் காப்பாற்றிக்கொண்டார்கள். சுடிதார் போடலாம், அது சுடிதாராகத் தெரியக் கூடாது என்கிற இன்றைய ஏற்பாட்டைப் படிக்கும்போது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று சொல்ல மாட்டேன். அன்று அடித்தார்கள், கிழித்தார்கள். இன்று முண்டு கொடுக்கிறார்கள். ஆனால் மேலே போடுகிற துணியை வைத்து ஆளை நிறுத்தும் பழக்கம் ஒன்றுதான்.

அந்தப் பழக்கம் கோயிலோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீவராகத்தில் காலை ஏழு மணிக்கு எந்தச் சந்திலும் பார்க்கலாம். மீன்காரர் குரல் கேட்டதும் நைட்டியில் இருக்கிற பெண் கேட்டைத் திறப்பதற்கு முன் கொடியில் கிடக்கும் தோர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். அந்தத் தோர்த்து எதையும் பெரிதாக மறைப்பதில்லை. நைட்டியே கழுத்து முதல் பாதம் வரை தொங்குகிறது. ஆனாலும் தோர்த்து தோளில் விழுந்த உடனே அந்த நைட்டி தெருவுக்குப் போகலாம் என்கிற உடையாகிவிடும். சுடிதார் வந்த புதிதில் ஷால் செய்த வேலையும் இதுதான். குர்த்தாவும் பேன்ட்டும் மட்டும் போட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணை இன்றும் பல வீடுகளில், "ஷால் எங்கே?" என்று வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். புதிய உடை வீட்டுக்குள் வருவது இப்படித்தான். பழைய துணி ஒன்றை மேலே போட்டால் கதவு திறக்கிறது. கொஞ்ச வருடம் கழித்து அந்த மேல்துணி உதிர்கிறது. இடைப்பட்ட காலத்தின் புழுக்கம் முழுவதும் உடுத்துகிறவருடையது.

புழுக்கம் என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. ஏப்ரல் மாதத் திருவனந்தபுரத்தில் சுடிதாருக்கு மேல் கஞ்சி போட்ட முண்டைச் சுற்றி ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவருக்குத் தெரியும். பாட்டி வாடகை முண்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார். பலர் கட்டிய துணி, அறுவை சிகிச்சை செய்த உடம்பு. வீட்டிலிருந்த நாலு முழ முண்டு, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது, கஞ்சி போடாதது, அதை எடுத்துக்கொண்டார். முதல் நாள் எல்லோரும் கட்டுவது போல் பாதம் தொடுகிற மாதிரி கட்டியபோது, புடவையில் வந்த அதே சங்கடம் வந்தது. கிழக்கு நடையில் படி ஏற வேண்டும். ஏறும்போது முண்டின் கரை தடியின் கீழே போனது. பேத்தி பிடித்ததால் தப்பினார்.

அடுத்த வாரம் பேத்தி வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாள். இடுப்பில் நாலு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டால் கரை கணுக்காலுக்கு மேலே நின்றது. இடுப்பில் வெறுமனே செருகினால் நடக்க நடக்க நழுவும். அதனால் உள்ளே சுடிதாரின் நாடாவோடு சேர்த்து இரண்டு ஊக்கு குத்தினாள். மடிப்பு தடி பிடிக்கிற வலது கைப் பக்கம் வராமல் இடது பக்கம் வரும்படி மாற்றிச் சுற்றினாள். பையும் மொபைலும் உள்ளே கொண்டு போக முடியாது என்பதால், அவற்றைக் கொடுத்துவிட்டு நெரிசலில் நின்று கட்டுவது நடக்காது. ஆட்டோவில் ஏறும்போதே கட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. ஒரு வயதான பெண் விழாமல் சாமி கும்பிட்டு வர இவ்வளவு யோசனை வேண்டியிருக்கிறது.

வீடுகளில் நடக்கிற பேரத்துக்கும் இந்தப் பாட்டியின் கதையில் பாடம் இருக்கிறது. அவருக்கு வழி கிடைத்தது, காரணம் முழங்கால். மருத்துவர் சொன்னார் என்றால் மகன் வாயை மூடிக்கொள்கிறார். அதே வீட்டில் மருமகள் இருபது வருடமாகக் கழக்கூட்டத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். கல்யாணமான புதிதில் சுடிதார் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு மூன்று வருடம் காத்திருந்தார். அப்போது மறுத்தவர் இதே பாட்டிதான். "எனக்கு வலி வந்தப்புறம்தான் அவ கஷ்டம் தெரிஞ்சது" என்று அவரே சொன்னார். சௌகரியத்துக்கு நோய்ச் சீட்டு கேட்கிற வீடுகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. படி ஏற வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், வேர்க்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அது போதாதா? உடுத்தி நடக்கிறவர் அவர்தானே?

ஆண்களுக்கும் இந்தக் கணக்கு வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 31 அன்று சிவகிரியில் அங்குள்ள மடத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா, கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் அது என்பது அவர் வாதம். அதே மேடையில் முதல்வர் பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டி எதிர்த்தது. விவாதம் நடக்கட்டும். பத்மநாப சுவாமி கோயிலிலும் தந்திரியும் நிர்வாகமும் உட்கார்ந்து, முழங்கால் மடங்காத பக்தைகளையும் நேராக வேலைக்குப் போகிற பக்தைகளையும் கேட்டு இதை மறுபடி பேச வேண்டும் என்பது நம் கோரிக்கை. இதில் தந்திரியின் கருத்தே முடிவு என்றுதானே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போன வியாழக்கிழமை பாட்டி கோயிலுக்குப் போய் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வாசற்படியில் உட்கார்ந்து முதலில் ஊக்கைக் கழற்றினார், பிறகு முண்டை. வேர்வையில் நனைந்திருந்ததைக் கொடியில் உலர்த்தச் சொல்லி மருமகளிடம் கொடுத்தார். சுடிதாரோடேயே கொல்லைப்புறம் போய் செம்பருத்திக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு மாமி மதில் மேலே எட்டிப் பார்த்து, அந்தத் துணி எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார்.